ஒப்புக்கொடுங்க

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் லூனாஸ் பக்கத்துத் தோட்டமொன்றில் கிராணி. செம்பனைக் குலைகளின் எடையை எழுதிவைப்பது என் வேலை. அந்த எண்ணெய் யாருக்கு, என்ன விலைக்குப் போகிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. யோசிக்காமல் இருப்பதற்கும் சேர்த்துத்தான் சம்பளம் கொடுத்தார்கள் என்று நினைக்கிறேன்.

ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும், ஆயுள் காப்புறுதி விற்கும் அண்ணன் ஒருவர் மாதா கோயில் வாசலில் என்னைப் பிடித்தார்.

“தம்பி, சனிக்கிழமை சுங்கைப் பட்டாணி ஹோட்டல்ல செமினார். செம்பனை எண்ணெய் வியாபாரம். பெர்சுமா லா! தின்னக் கரிபாப்பும் உண்டு.”

இலவசம் என்பதை மலாயில் சொன்னால் இன்னும் கொஞ்சம் இலவசமாகக் கேட்கும். அதே சனிக்கிழமைதான் பாக்கார் ஆராங்கில் நாங்கள் பார்த்துவைத்த வீட்டுக்கு முன்பணம் கட்டவேண்டிய கடைசி நாள். வீடு கட்டும் நிறுவனத்தின் ஆபீஸ் ஒரு மணிக்கு மூடிவிடும். அன்று கட்டாவிட்டால் வீடு அடுத்தவருக்கு.

“காலையில கேட்டுட்டு, அப்படியே போய்க் கட்டிடலாம்,” என்றேன் மனைவியிடம். சேமிப்பு முழுவதும் அவள் கைப்பையில் வந்தது.

ஹோட்டல் மண்டபம் குளிரூட்டியில் உறைந்து கிடந்தது. பாதிப் பேர் எங்கள் கோயில் ஆட்கள். கனத்த திரைகளை இழுத்து மூடினார்கள். இருட்டில் வெண்திரையில் மட்டும் செம்பனை எண்ணெயின் விலைக்கோடு ஒளிர்ந்தது. அது ஏறிய விதம், சுங்கைப் பட்டாணியிலிருந்து பார்க்கும் ஜெராய் மலையின் ஒரு பக்கச் சரிவு போலவே இருந்தது. மறுபக்கச் சரிவைக் காட்டவேயில்லை.

கோலாலம்பூரிலிருந்து வந்த பேச்சாளர் கழுத்துப்பட்டையைத் தடவியபடி பேசினார். விலை ஏறுமென்றால் முதலில் வாங்கு. இறங்குமென்றால் முதலில் விற்றுவிடு. இரண்டிலும் லாபம். எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்பதுதான் ரகசியம். அது இலவசத்தில் வராது, மூன்று நாள் வகுப்பில்தான் வரும். கட்டணத்தைச் சொன்னார். எனக்கு இரண்டு தடவை தும்மல் வந்தது. உடனே, “இன்னிக்கு மட்டும் பாதி விலை, பத்து இடந்தான்,” என்றார். முன்வரிசையில் இருவர் அப்போதே எழுந்து பின்மேசைக்கு ஓடினார்கள். காலையில் நாற்காலி அடுக்கியதும் அவர்கள்தாம்.

என் பக்கத்தில் வாசனையோடு ஓர் இளைஞர் வந்து உட்கார்ந்தார். “அண்ணே, எவ்வளவு கொண்டு வந்திருக்கீங்க? மிச்சத்த அப்புறம் கட்டலாம்.”

“மனைவியைக் கேக்கணும்.”

“பெரிய முடிவெல்லாம் ஆம்பளதாண்ணே எடுக்கணும்.”

என் வாழ்க்கையில் யாரும் என்னை அப்படிச் சந்தேகித்ததில்லை.

மெல்லிய இசை போட்டார்கள். “எல்லாரும் கண்ண மூடுங்க. உங்க கனவு வீட்டப் பாருங்க,” என்றது குரல். பார்த்தேன். பாக்கார் ஆராங் வீடு மெதுவாக வீங்கி மாடி வைத்துக்கொண்டது. வாசலில் கார் முளைத்தது. மழை பெய்தது; அது எண்ணெயாகப் பெய்தது. இந்தப் பணத்தை இங்கே கட்டினால் மூன்று மாதத்தில் இதே போல மூன்று வீடு. கண்ணைத் திறக்காமலே, மறுபக்கம் உட்கார்ந்திருந்த மனைவியிடம் கையை நீட்டினேன்.

அப்போதுதான் பேச்சாளர் அந்தச் சொல்லைப் போட்டார். ‘கமிட்’ என்று ஆங்கிலத்தில் யோசித்துத் தமிழில் தேடியிருக்கவேண்டும்.

“உறை வருது. முழுமனசோட ஒப்புக்கொடுங்க!”

பூசையில் காணிக்கை நேரத்தில் சாமியார் சொல்லும் சொல். கண் மூடிய கூட்டத்துக்கு அதற்குமேல் எதுவும் தேவைப்படவில்லை. பின்னால் சில்லறை விழும் சத்தம். என் உள்ளங்கையிலும், ஒவ்வொரு ஞாயிறும் போல, ஐம்பது காசு வந்து உட்கார்ந்தது. உறை வந்தது. போட்டேன். அடுத்தவரிடம் கொடுத்தேன்.

விளக்கு எரிந்தது. இளைஞர் உறையைக் கவிழ்த்தார். காசுகள் மேசையில் உருண்டன.

“என்ன ஆன்ட்டி இது?”

“காணிக்கை தம்பி,” என்றார் பின்வரிசை ஆன்ட்டி. “ஏன், பத்தலையா லா?”

மண்டபமே சிரித்தது. மாடி, கார், எண்ணெய் மழை எல்லாம் அந்தச் சிரிப்பில் கரைந்தன. மனைவி எழுந்துவிட்டாள். “மணி ஆகுது, வாங்க.”

“மேடம், அடுத்த மாசம் முழு விலை!” என்று இளைஞர் கதவுவரை வந்தார்.

“அப்ப அடுத்த மாசம் வந்து யோசிக்கிறோம் தம்பி.”

வெளியே வெயிலில் கண் கூசியது. ஜெராய் மலை இரண்டு பக்கச் சரிவுகளோடும் நின்றது. ஆபீஸ் கதவை இழுத்து மூடப்போகும் நேரத்தில் போய்ச் சேர்ந்தோம்.

காப்புறுதி அண்ணன் மட்டும் பணம் கட்டி வகுப்புக்குப் போனார். மூன்றாம் நாள் முடிவில், உண்மையான ரகசியம் உயர்நிலை வகுப்பில்தான் இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார்களாம். அதற்குக் கட்டணம் வேறு.

அந்த வீட்டில்தான் இப்போதும் இருக்கிறோம். மாடி முளைக்கவில்லை. அன்று தெரிந்துதான் காசை வைத்தாயா, பழக்கத்திலா என்று மனைவியைப் பலமுறை கேட்டுவிட்டேன்.

“ஒப்புக்கொடுங்கன்னாரு. கொடுத்தேன்,” என்பாள். “நீங்க எதுக்குக் கைய நீட்டுனீங்க?”