வேலிக் கம்பத்தில் போன கேபிள்

போடியில் கேமரா மாட்டும் தொழிலை நானும் என் மச்சானும் சேர்ந்து நடத்திய காலத்தில், மற்றவர்கள் மாட்டிவிட்டுப் போனதைச் சரிசெய்வதற்குத்தான் என்னை அதிகம் கூப்பிட்டார்கள். எனக்கு அது பிடிக்காது. அடுத்தவன் செய்த அரைகுறை வேலைக்கு நான் ஏச்சு வாங்க வேண்டியிருக்கும். மச்சானோ, "வர்ற சோலிய விடாத மாப்ளே" என்று ஜீப்பில் ஏற்றி அனுப்பிவிடுவான்.

அப்படித்தான் போடிமெட்டுக்குக் கீழே இருந்த ஓர் ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போனேன். முதலாளி அம்மா காய் எடுக்கும் பருவத்தில் அங்கேயே பங்களாவில் தங்கிக்கொள்வார். பங்களாவிலிருந்து சரிவில் இறங்கினால் காய் உலர்த்தும் ஸ்டோர். பச்சை நிறம் போகாமல் காயை உலர்த்திச் சாக்கில் கட்டி வைப்பது அங்கேதான். அந்த ஸ்டோருக்குள் ஒரு கேமராவை மாட்டி, பங்களா ஹாலில் இருந்த டிவிக்குக் கேபிள் இழுத்திருந்தார்கள்.

"படம் பகல்ல வருது தம்பி. சாயங்காலமானா வெட்டி வெட்டிப் போயிருது" என்றார் அம்மா. பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஸ்டோர்க்காரன்தான் ஏதோ பண்றான். தினமும் பாக்குறேன். செவத்துப் பக்கம் போறான், உடனே படம் போகுது. சாக்கும் எடை கொறையுது. சனிக்கிழம கணக்கு முடிச்சு அனுப்பிரலாம்னு இருக்கேன். ஒயர எங்க புடுங்குறான்னு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லு."

திருடனைப் பிடிக்கத்தான் என்னை வரவழைத்திருக்கிறார் என்பது அப்போதுதான் புரிந்தது. இது முதலிலேயே தெரிந்திருந்தால் மச்சானைத்தான் மலையேற்றி இருப்பேன்.

ஸ்டோர்க்காரர் ஐம்பது வயதைத் தாண்டியவர், சிலமலைப் பக்கத்து ஊர்க்காரர். ஸ்டோரை ஒட்டிய ஒற்றை அறையில்தான் குடியிருப்பு. அவர் மேல் சந்தேகம் இருப்பது அவருக்கே தெரிந்திருந்தது. "தம்பி, நான் வேலிக்குக் கரன்ட் போடத்தான் செவத்துக்கிட்டப் போறேன். இருட்டுறதுக்குள்ள போடலேன்னா ஆன வந்துரும். போடச் சொன்னதே அம்மாதான்" என்றார். அவர் காட்டிய மூலையில் ஒரு சுவிட்சும், யானைக்காகப் போட்ட மின்வேலியின் பெட்டியும் இருந்தன. அம்மாவுக்கு இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னேன். சப்பைக்கட்டு கட்டுறேன்னாக."

கேபிளைப் பார்த்தேன், எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. மாட்டியவன் தனியாகக் கம்பம் நடச் சோம்பேறித்தனப்பட்டு, மின்வேலியின் கம்பங்களிலேயே அதைக் கட்டிக்கொண்டு பங்களா வரை போயிருந்தான். சரிவைச் சுற்றி வளைந்து போகும் வேலி அது. நேராக இழுத்தால் ஆகும் தூரத்தைப் போல ரெண்டு மடங்கு. நடுவில் முறுக்கி டேப் ஒட்டிய இணைப்புகள் வேறு, மழையில் நனைந்து பச்சை பூத்துக் கிடந்தன. ஒரு முனையைச் சீவிப் பார்த்தேன். நடுக்கம்பி காந்தத்தில் ஒட்டியது. மேலே மட்டும் செம்புப் பூச்சு, உள்ளே இரும்பு. வெளியிலிருந்து வரும் தொந்தரவு உள்ளே நுழையாமல் தடுக்க அதைச் சுற்றி நெருக்கமாகக் கம்பி வலை பின்னியிருக்க வேண்டும். இதில் நாலைந்து இழைகள் பேருக்குச் சுற்றியிருந்தன. இதைக் கேபிள் என்று விற்றவனையும் வாங்கியவனையும் அதே கம்பத்தில் கட்ட வேண்டும் என்று தோன்றியது.

தூரம் கூடக்கூட, கம்பி மெலியமெலிய, படம் போய்ச் சேரும்போது பலவீனமாகிவிடும். பகலிலேயே அம்மாவின் டிவியில் நிறம் வெளுத்து, ஓரங்கள் மங்கித்தான் தெரிந்தன. அவர் அதற்குப் பழகிப் போயிருந்தார். கேமராவுக்கான கரன்ட்டும் பங்களாவிலிருந்தே மெல்லிய ஒயரில் வந்தது. இருட்டியதும் கேமராவின் இரவு விளக்குகள் தானே எரியும், கூடுதல் கரன்ட் இழுக்கும். அந்த ஒயரில் அவ்வளவு தூரம் வருவதற்குள் வோல்டேஜ் இறங்கிப்போய், கேமரா அணைந்து அணைந்து எரியும். முதலில் இதைச் சரிசெய்தேன். ஸ்டோரிலேயே ஒரு அடாப்டரை மாட்டி அங்கிருந்தே கரன்ட் கொடுத்தேன்.

மாலையானது. இரவு விளக்குகள் எரிந்தன, கேமரா அணையவில்லை. எனக்குத் திருப்தி. அடுத்த சில நிமிடங்களில் ஸ்டோர்க்காரர் மூலைக்குப் போனார். படத்தில் வெள்ளைக் கோடுகள் சீறின. நொடிக்கொரு தரம் படம் துள்ளியது.

"பாத்தியா?" என்றார் அம்மா. நான் வாயைத் திறக்குமுன் அவரே அலுத்துக்கொண்டார். "இந்தக் கருமத்தோட நெட்டும் நின்னுபோகும். தினம் இதே நேரந்தான். டெலிபோன்காரங்கிட்டச் சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப் போச்சு."

வெளியே ஓடிப் போய்ப் பார்த்தேன். பங்களாவுக்கு இணையம் கொண்டுவரும் டெலிபோன் ஒயரும் அதே வேலிக் கம்பங்களில்தான் போயிருந்தது. அதற்கு வலையே கிடையாது. மின்வேலி சும்மா கரன்ட் ஓடும் கம்பியில்லை. நொடிக்கொரு முறை பல ஆயிரம் வோல்ட்டை ஒரே துடிப்பாக அனுப்பும். பக்கத்திலேயே நெடுகப் போகும் கேபிளில் அந்தத் துடிப்பு ஏறும். அங்கே படமே பலவீனமாக வருகிறது, தடுக்க வலையும் இல்லை. துடிப்பு படத்தை மிதித்துவிடும்.

இதைச் சொன்னால் அம்மா நம்பமாட்டார் என்று தெரியும். அதனால் ஸ்டோர்க்காரரைப் பங்களா ஹாலுக்கே வரச் சொன்னேன். வந்தவர் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலோரம் நின்றார். என்னைக் கூட்டிவந்த ஜீப் டிரைவரை ஸ்டோருக்கு அனுப்பி, அவனுக்குப் போன் போட்டு அம்மாவிடம் கொடுத்தேன்.

"சுவிட்ச நிறுத்தச் சொல்லுங்கம்மா."

"நிறுத்துடா" என்றார். படம் துள்ளாமல் தெளிந்து நின்றது.

"போடச் சொல்லுங்க."

"போடு." படம் துள்ளியது. டிவியில் டிரைவர் மூலையில் நின்றுகொண்டிருந்தான். ஸ்டோர்க்காரர் எங்களுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். அம்மா திரும்பவும் நிறுத்தச் சொன்னார், திரும்பவும் போடச் சொன்னார். பிறகு போனை என்னிடம் நீட்டினார்.

"அப்ப எட ஏன் கொறையுது?" என்றார், யாரையும் பார்க்காமல்.

"சரியா காய்ஞ்ச காய் எட கொறையத்தான் செய்யும்மா. போன வருசம் ஈரத்தோட கட்டுனாங்க, பூஞ்ச புடிச்சுச்சு. அதான் இந்தத் தடவ நல்லாக் காயவிட்டேன்" என்றார் ஸ்டோர்க்காரர்.

"சரி சரி, போயி சோலியப் பாரு" என்றார் அம்மா. அவ்வளவுதான். ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லியிருக்கலாம். நானாவது சொல்லச் சொல்லியிருக்கலாம், ஆனால் எனக்கு அந்த வீட்டில் என்ன உரிமை இருந்தது?

போடியிலிருந்து தடித்த செம்புக் கேபிள் கொண்டுவந்தேன், நெருக்கமாக வலை பின்னியது. வேலியை விட்டு விலகி நேர்வழியில் குழாய்க்குள் புதைத்தேன். நடுவில் ஓர் இணைப்பு கிடையாது. டெலிபோன் ஒயரையும் தள்ளிப் போடச் சொன்னேன். ஸ்டோர்க்காரரும் கூடவே நின்று மண்வெட்டி பிடித்தார். வேலை முடியும் தறுவாயில், "படம் இனி நல்லாத் தெரியுமா தம்பி?" என்று கேட்டார். தெரியும் என்றேன். தலையாட்டிவிட்டுத் தன் அறைக்குள் போனார்.

அது சனிக்கிழமை. மாலையில் அம்மாவும் நானும் டிவி முன்னால் இருந்தோம். திரையில் ஸ்டோர்க்காரர் வேலிக்குக் கரன்ட் போட்டார், படம் அசையவில்லை. சாக்கில் அச்சடித்த எழுத்து வரைக்கும் தெரிந்தது. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஸ்டோர்க்காரர் சாக்குகளை ஒருமுறை எண்ணினார். அறைப்பக்கம் போய் ஒரு தகரப் பெட்டியும் சுருட்டிய பாயுமாகத் திரும்பி வந்தார். கேமராவை நேராக நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் இருந்த நரைத்தாடி கூடத் தெரிந்தது. பிறகு சாவிக்கொத்தை ஆணியில் மாட்டிவிட்டுக் கதவைத் தாண்டிப் போய்விட்டார்.

"எங்க போறான் இவன்?" என்றார் அம்மா. "நாந்தான் இருக்கச் சொல்லிட்டேன்ல?"

அவர் எழுந்து வாசலுக்குப் போய்ப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். திரையில் ஆணியில் மாட்டிய சாவிக்கொத்து மட்டும் கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டிருந்தது.