துருக்கியில் திறந்த மூடி

கோவையில் சாயம் போடும் இயந்திரங்கள் செய்யும் கம்பெனி எங்களுடையது. அந்த இயந்திரங்களை ஓட்டும் கணினிக்கு நிரல் எழுதுவது என் வேலை. அடுத்தவர் வேலையில் நொட்டை சொல்வதில் எனக்கு நல்ல பேர் உண்டு. என் வேலையில் யாரையும் நொட்டை சொல்ல விட்டதில்லை.

துருக்கியில் ஒரு துணி ஆலைக்கு இயந்திரம் போனது. திரையில் வரும் சொற்களைத் துருக்கி மொழிக்கு மாற்றி, ஒரு வாரம் சோதித்துவிட்டு அனுப்பினேன். அதை நிறுவி ஓட்டிக் காட்டப் போன இன்ஜினியர் கோபிசெட்டிபாளையத்துக்காரர். என் வயதுதான். பத்து வருடமாக என் பக்கத்தில் உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிடுகிறவர்.

சாயத்தொட்டி ஓடும்போதே, நிறம் ஏறியிருக்கிறதா என்று பார்க்கத் துண்டுத் துணி ஒன்றை எடுக்க மூடியைத் திறப்பார்கள். திறந்ததும் பம்பு நின்றுவிட வேண்டும். அன்று அவர் திறந்தபோது நிற்கவில்லை. கொதிக்கிற சாயத்தண்ணீர் அவருடைய வலது கையிலும் கழுத்திலும் அடித்தது.

"சுவிட்சுக்கு ஜம்பர் போட்டிருந்தாராமா" என்றார் எங்கள் மேனேஜர், போனை வைத்துவிட்டு. பம்பை நேரடியாக நிறுத்துகிற சுவிட்ச் ஒன்று மூடியில் இருக்கும். வெள்ளோட்டத்தின்போது அது அடிக்கடி தொந்தரவு செய்யும் என்று ஒரு வயரைப் போட்டு அதை வேலை செய்யாமல் ஆக்கிவைப்பார்கள்; அதுதான் ஜம்பர். தப்புதான், ஆனால் எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்கிற தப்பு. எப்படியும் நிரல் பம்பை நிறுத்திவிடும் என்ற தைரியம். அது என் நிரல் மேல் வைத்த தைரியம்.

இயந்திரத்தில் நடப்பதெல்லாம் பதிவாகும் கோப்பை அங்கிருந்து வரவழைத்தேன். மூடி திறந்ததும் அதிலுள்ள இன்னொரு உணர்கருவி LID_OPEN என்று பெரிய எழுத்தில் சொல்லும். என் நிரல் அதைச் சின்ன எழுத்தாக்கி, தன்னிடமுள்ள lid_open என்ற பெயரோடு ஒப்பிடும். கோப்பில் lıd_open என்று இருந்தது. i மேல் புள்ளி இல்லை. திரையில் ஏதோ கோளாறு என்று நினைத்து விரலால் துடைத்துப் பார்த்தேன். துடைத்ததை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

துருக்கி மொழியில் இரண்டு i உண்டு. புள்ளி வைத்ததற்குப் பெரிய எழுத்து İ, அதிலும் புள்ளி இருக்கும். புள்ளியில்லாத ı-க்குப் பெரிய எழுத்துதான் நாம் எழுதுகிற I. ஆகவே துருக்கி அமைப்பில் இருக்கும் கணினியிடம் I-ஐச் சின்னதாக்கச் சொன்னால் ı என்றுதான் தரும். அதன் மேல் குற்றமில்லை. நான் எழுதிய கட்டளை எந்த நாட்டு வழக்கப்படி மாற்ற வேண்டும் என்று சொல்லவில்லை. சொல்லாவிட்டால் அது கணினியில் எந்த நாடு என்று குறித்திருக்கும் வட்டார அமைப்பைப் பார்த்துக்கொள்ளும். நான் சோதித்தபோது திரைச் சொற்களை மட்டும்தான் மாற்றினேன். வட்டார அமைப்பு இந்தியாவிலேயே கிடந்தது. STOP, PUMP போன்றவற்றில் I இல்லாததால் அங்கேயும் ஒழுங்காக ஓடின. மூடி மட்டும் பொருந்தவில்லை. பொருந்தாத பெயர் வந்தால் சும்மா இரு என்றும் நானேதான் எழுதியிருந்தேன்.

எந்த நாட்டு வழக்கத்தையும் பாராமல் ஒப்பிடும் முறை ஒன்று இருக்கிறது. இயந்திரம் பேசும் பெயர்களுக்கு அதைத்தான் வைத்திருக்க வேண்டும். ஒரே ஒரு வரி. தெரியாத பெயர் வந்தால் பம்பை நிறுத்து என்று இன்னொன்று. இங்கிருந்த இயந்திரத்தில் வட்டார அமைப்பைத் துருக்கிக்கு மாற்றி, மூடியைத் திறந்து பார்த்தேன். பம்பு நின்றது. மதியத்துக்குள் முடிந்துவிட்டது.

மேனேஜரிடம் சொன்னேன். "மாத்தி அனுப்பிப்போடுங்க. ரிப்போர்ட்ல ஜம்பர்னே இருக்கட்டுங்க" என்றார். நான் தலையாட்டினேன். கம்பெனிக்காக என்று அன்றைக்கு எனக்கே சொல்லிக்கொண்டேன். பொய். பயந்தேன், அவ்வளவுதான்.

நான்கு மாதம் கழித்துத்தான் கோபிசெட்டிபாளையத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். இடது கையால் நாற்காலியை இழுத்துப் போட்டார். வலது கை விரல்கள் மடங்கியபடியே ஒட்டிப்போயிருந்தன.

"ஜம்பர் போட்டது நாந்தானுங்க. ஆனா திரையில மூடி திறந்ததுன்னு வந்துச்சா, நான் பாக்காம விட்டுப்போட்டனான்னுதான் தெரிய மாட்டேங்குது. நெனச்சு நெனச்சுப் பாக்கறனுங்க" என்றார்.

"திரையில ஒண்ணும் வரலைங்க. வந்திருக்காது. என்ர வரிதான் தப்பு" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் மடங்கிய விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். காபி கொண்டுவந்த அவருடைய மனைவி வாசற்படியிலேயே நின்றுவிட்டிருந்தார்.

"இது உங்களுக்கு எப்பத் தெரியுமுங்கண்ணா?" என்று மனைவி கேட்டார்.

"அடிபட்ட மறுநாள்."

"நாலு மாசமா தூங்காம, நான் பாத்தனா பாக்கலையான்னு என்னையக் கேட்டுட்டிருக்காருங்க" என்றார். காபியை என் முன்னால் வைத்துவிட்டு, கணவரின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிடக் குனிந்தார்.