பெர்க்கலேட்டரும் நானும்

பெர்க்கலேட்டரில் டிகாக்ஷன் கெட்டியாகட்டும் என்று அரை மணி நேரம் காத்திருந்த அறிவாளி நான். மச்சான் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த அந்த மின்சாரக் கூஜாவை எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில் வைத்து, இனி யாரும் கேன்டீன் பக்கம் போக மாட்டீர்கள் என்று சவடால் வேறு விட்டிருந்தேன். கொதிக்கும் நீர் குழாய் வழியே ஏறி, காபித்தூளில் விழுந்து, கீழே வடியும். வடிந்த காபியே மறுபடி கொதித்து ஏறும். சுற்றச் சுற்றக் கெட்டியாகவில்லை, கசப்புதான் ஏறியது.

"வேப்பங்கொழுந்து எம்புட்டு போட்டீகண்ணே?" என்றார் கணக்கு வாத்தியார்.

மறுநாள் ஒரே ஒரு வாய்ப்புக் கேட்டு வாங்கினேன். தூளைக் கொரகொரப்பாக அரைத்துப் போட்டேன். ஏழாம் நிமிடமே பிளக்கைப் பிடுங்கி, தூள் கூடையை வெளியே எடுத்தேன். பால் கலந்து கொடுத்துவிட்டு, உட்கார முடியாமல் அவர் நாற்காலியையே சுற்றிவந்தேன்.

குடித்து முடித்தார். "கசப்பு சுத்தமாப் போயிருச்சுண்ணே. காபியத்தான் காணோம். கேன்டீன் வரைக்கும் போயிட்டு வாரேன்."