புது அம்மனுக்குத் தெரியாதது

“நேத்து வரைக்கும் இந்தக் கல்லு மேல குந்திகினுதான் நாஸ்தா துன்னேன். நாளைக்கு இது சாமின்னா எப்டி? காலேஜ் படிக்கிறவ, நீ சொல்லு” என்றார் அப்பா.

மாமல்லபுரத்துச் சிற்பக்கூடத்தில் கல்லுக்கு மெருகேற்றுவது அவர் வேலை. எங்கள் காலனி அம்மன் சிலையின் கை உடைந்துபோனதால், புதுச் சிலை அங்கேதான் உருவானது. எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். பதில் தெரியாமல் நிற்பது எனக்குப் பிடிக்காது. கோயிலுக்கு வந்த குருக்களிடமே கேட்டேன்.

“எல்லாக் கட்டையிலயும் நெருப்பு இருக்கும்மா. கடையற இடத்துலதான் பத்திக்கும். எங்கேயும் இருக்கறவளை, இங்கே வந்து இருன்னு கூப்பிடறோம், வரா. தினம் கவனிச்சுக்கற வரைக்கும் இருப்பா.”

அம்மாவின் கேள்வி வேறு. தம்பி கடலில் குளிக்கப் போய்த் திரும்பாததிலிருந்து, வெள்ளிதோறும் பழைய சிலை முன் உட்கார்ந்து அவனைப் பற்றிப் பேசுவாள். அதைக் கடலில் விடப்போகிறார்கள் என்றதும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

“அவகிட்டதான எம்புள்ளைய ஒப்படைச்சேன். அவளே பூட்டா?”

பழைய சிலையிலிருந்த சக்தியைத் தர்ப்பைக் கயிறு வழியாகக் கும்பத்து நீரில் வரவழைத்து, அங்கிருந்து மரப்பலகையில் எழுதிய படத்துக்கு மாற்றியிருந்தார்கள். திருப்பணி முடியும்வரை படத்துக்குத்தான் பூசை.

“கடலுக்குப் போறது வெறும் கல்லும்மா. அவ இங்கதான் கீறா” என்றேன், எல்லாம் தெரிந்தவளாக.

புதுச் சிலையைத் தண்ணீரிலும் பிறகு நெல்லிலும் கிடத்தி வைத்தார்கள். பீடத்தோடு கல்லைப் பிடித்துக்கொள்ளும் அஷ்டபந்தன மருந்து சாத்தி நிறுத்தினார்கள். திரைக்குப் பின்னால் ஸ்தபதி தங்க ஊசியால் கண் திறந்தார். அம்மனின் முதல் பார்வைக்குக் கண்ணாடியையும், கன்றோடு பசுவையும் காட்டினார்கள். படத்திலிருந்த சக்தி மறுபடி கும்பத்துக்கு வந்தது. யாகசாலையிலிருந்து சிலைவரை தர்ப்பைக் கயிறு கட்டி, அங்கம் அங்கமாக மந்திரம் சொல்லி, ஹோம நெய்யால் பாதத்தையும் தொப்புளையும் தலையையும் தொட்டார் குருக்கள். கடைசியில் கும்பநீரை ஊற்றினார்கள்.

அப்பா தான் மெருகேற்றிய பாதத்தைத் தொட முடியாமல் கருவறை வாசலில் நின்றார்.

“இப்போ மேல குந்தி நாஸ்தா துன்னு பாப்போம்” என்றேன். அவர் சிரிக்கவில்லை. கை கூப்பியிருந்தார்.

அடுத்த வெள்ளி அம்மா போனாள். வெகுநேரம் உட்கார்ந்துவிட்டு, தம்பியைப் பற்றி எதுவும் சொல்லாமலே திரும்பினாள்.

“மூஞ்சி புச்சா கீது. என்னை யாருன்னே தெரியல அவளுக்கு.”

அதன்பிறகு வெள்ளிதோறும் கடற்கரைக்குப் போய், பழைய சிலையை விட்ட பக்கம் பார்த்து உட்கார ஆரம்பித்தாள். அலைச் சத்தத்தில் அவள் பேசுவது கேட்காது. தம்பியையும் அதே கடல்தான் கொண்டுபோனது. கும்பம், கயிறு என்று நான் மறுபடி சொன்னபோது, “நீ படிச்சவ, உனக்குப் புரியுது” என்றாள்.

நான் சொன்னதில் தவறில்லை. ஆனால் கூப்பிட்டதோடு முடிவதில்லை, கவனித்துக்கொள்ளவும் வேண்டும் என்று குருக்கள் சொன்ன பாதியை நான் அம்மாவுக்குச் சொல்லவேயில்லை.

சென்ற வெள்ளி அம்மா கடற்கரைக்குப் போனதும் நான் கோயிலுக்குப் போனேன். அவள் முன்பு உட்காரும் இடத்தில் உட்கார்ந்து, தம்பிக்கு முன்பல் விழுந்த கதையிலிருந்து அம்மனுக்குச் சொல்லத் தொடங்கிவிட்டேன்.