எல்லாத்துக்கும் ஓம்

துறைமுக வீதியில் என்னுடைய போன் கடை இருந்த நாட்களில் எனக்கு வாய் நீளம். மூதூர் படகுத்துறைக்குப் போகிறவர்களும், கப்பலில் சீமெந்து மூட்டை இறக்குகிறவர்களும், முச்சக்கர வண்டிக்காரர்களும் கடைக்குள் கிடந்த நீள மர வாங்கில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். நான் ஸ்க்ரூ கழற்றிக்கொண்டே ஒருவனைப் பிடித்துக் கிழிப்பேன். மற்றவர்கள் சிரிப்பார்கள். எங்கள் ஊரில் மாடு போல வீதியில் திரிகிற மான்களில் ஒன்று வாசலில் போன் பெட்டியின் அட்டையைத் தின்றுகொண்டு நிற்கும்.

கிரிக்கெட் தொடங்கினால் வாங்கில் இருப்பவர்களுக்கு ஒரே தேவைதான். பந்தயம் பிடிக்கிற ஆப். அது போனில் இருக்கிற ஆப் கடையில் கிடைக்காது. யாரோ ஒரு முகவர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு ஃபைலாகப் போடுவான். அதைத் தட்டினால் போன் மறுக்கும், இது எங்கிருந்து வந்ததோ தெரியாது என்று எச்சரிக்கும். ஆட்கள் பயந்து என்னிடம் கொண்டுவருவார்கள். தெரியாத இடத்திலிருந்து போட அனுமதி கொடுப்பேன், ஃபைல்களைச் சோதிக்கிற காவலை நிறுத்துவேன், போட்டுக் கொடுப்பேன். ஃபைலை என் போனிலேயே வைத்திருந்தேன். இரண்டு நிமிட வேலை. அதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது, அதை மறைக்க ஒன்றுமில்லை.

சாம்பல்தீவில் இருந்து ஒருவன் வருவான். மூட்டை இறக்குகிறவன், வயது முப்பத்துநான்கு. கப்பலில் வேலைக்கு ஒரு ஏஜென்சியில் பதிந்திருந்தான். முப்பத்தைந்து ஆகிவிட்டால் எடுக்கமாட்டார்கள், அவனுக்கு இதுதான் கடைசித் தடவை. மருத்துவச் சோதனைக்கு எந்த நாள் வரவேண்டும் என்று மெசேஜ் வரும், போன் எடுத்துத் தேடமாட்டோம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அந்த மெசேஜுக்காகவே அவன் போனை மூட்டைக்குக் கீழே விழாமல் பொலித்தீனில் சுற்றி மடியில் வைத்திருந்தான்.

அவனுக்கு அந்த ஆப்பைப் போன வருடமே போட்டுக் கொடுத்திருந்தேன். அது பந்தயத்தைத் தவிர வேறொன்றும் கேட்காது. இந்த வருடம் குழுவில் புதியது வந்தது. அதே படம், அதே பெயர். பழையதன் மேலே போடப் பார்த்தேன், ஏறவில்லை. முன்பிருப்பதோடு பொருந்தவில்லை என்று போன் சொன்னது. உண்மையான புதுப்பதிப்பு என்றால் பழையதன் மேலே போய் உட்காரும். பொருந்தவில்லை என்றால் இரண்டையும் செய்தவன் ஒரே ஆள் இல்லை. இது எனக்குத் தெரியும், பாடமாகத் தெரியும். பழையதை அழித்துவிட்டுப் புதியதைப் போட்டேன்.

அது கேட்கத் தொடங்கியது. தொடர்பு எண்கள், மெசேஜ், பிறகு மெசேஜ் ஆப்பாகத் தன்னையே வைக்கட்டுமா என்று ஒரு கேள்வி. அவன் எட்டிப் பார்த்தான்.

“அண்ணை, பந்தயத்துக்கு என்னத்துக்கு இது என்ர மெசேஜைக் கேக்குது?”

வாங்கில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எனக்கு அது போதும்.

“உம்மட மனிசி உமக்கு எழுதிற காதல் கடிதத்தை வாசிக்கத்தான் கேக்குது. ஏன், வெக்கமா இருக்கோ?”

வாங்கு குலுங்கியது. அவனும் சிரித்தான், காது சிவந்தபடி. “சரி அண்ணை, எல்லாத்துக்கும் ஓம் குடுங்கோ” என்றான்.

கொடுத்தேன். கடைசியாக அது கேட்டது பார்வை குறைந்தவர்களுக்காகப் போனில் வைத்திருக்கிற ஒரு அனுமதி. அதைக் கொடுத்தால் ஆப் திரையில் இருப்பதையெல்லாம் வாசிக்கும், நம் விரல் போலத் தானே தட்டும். போனே அந்த இடத்தை மங்கலாக்கிப் பூட்டி வைத்திருந்தது. வெளியிலிருந்து வந்த ஃபைல் என்பதால்தான் பூட்டு. மூலையில் உள்ள மூன்று புள்ளிக்குள் போய் அதைத் திறக்கும் வித்தை அந்த வீதியில் எனக்கு மட்டும்தான் தெரியும். திறந்தேன்.

அடுத்த நாட்களில் அவன் அடிக்கடி கடைப்பக்கம் வந்தான். “அண்ணை, இன்னும் மெசேஜ் வரேல்லை.”

“கப்பல் உம்மட வயசைக் கேட்டுப் பயந்து ஓடியிருக்கும்.”

அன்றிலிருந்து அவனுக்குக் கப்பல்காரன் என்று பெயர் விழுந்தது. ஏஜென்சிக்கு ஒரு போன் எடுத்துக் கேட்கட்டுமா என்று ஒருநாள் கேட்டான். “நச்சரிச்சால் பேரை வெட்டிப்போடுவாங்கள், பேசாம இரும்” என்றேன். ஏஜென்சியைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. சும்மா சொன்னேன். அவன் அதைக் கேட்டு நடந்தான். ஒரு தடவைகூட நான் அந்தப் போனை வாங்கிப் பார்க்கவில்லை.

பிறகு ஒரு நாள் மனைவியோடு வந்தான். அவனுடைய எண்ணிலிருந்து ஊரில் எல்லோருக்கும் அந்த ஃபைல் போயிருக்கிறது, கோயில் ஐயருக்குக்கூட. ஆட்கள் வீட்டுக்கு வந்து ஏசிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஆப்பை அழிக்கப் போனால் அமைப்புப் பக்கம் தானாக மூடிக்கொள்கிறது என்றான்.

போனைப் பாதுகாப்பு நிலையில் திறந்தேன். அந்த நிலையில் பிறகு போட்ட ஆப் எதுவும் ஓடாது. அழித்தேன். மெசேஜுக்குப் பழைய ஆப்பைத் திரும்ப வைத்துத் திறந்து பார்த்தேன். நான் அதைப் போட்ட நாளோடு மெசேஜ்கள் நின்றிருந்தன. அதற்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. வந்ததையெல்லாம் அது தானே வாங்கி, எங்கோ இருப்பவனுக்கு அனுப்பி, போனில் ஒன்றையும் வைக்காமல் விட்டிருக்கிறது. அந்தத் திருடனுக்குத் தேவை வங்கி அனுப்புகிற இரகசிய எண்கள். மற்றவை குப்பையோடு குப்பை. அப்படிப் போனதை எவனாலும் மீட்க ஏலாது.

மனைவி என் முன்னாலேயே ஏஜென்சிக்குப் போன் எடுத்தாள். சத்தம் எனக்கும் கேட்டது. இரண்டு தடவை மெசேஜ் அனுப்பினோம், வரவில்லை, இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்தாயிற்று என்றது ஒரு பெண் குரல். அடுத்த தடவை எப்போது என்று இவள் கேட்டாள். “வயது பார்த்தீங்களா?” என்று அந்தப் பக்கம் கேட்டுவிட்டு வைத்துவிட்டது.

அவள் போனை மேசையில் வைத்தாள். புருஷனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

“அண்ணா, இந்தப் பந்தயத்தை இதுக்குள்ள போட்டது ஆர்?”

வாங்கில் அன்றும் ஆட்கள் இருந்தார்கள். இரண்டு பேர் தங்கள் போனை மெதுவாகச் சட்டைப் பையில் வைத்தார்கள், அவற்றிலும் அதே ஃபைல்தான். ‘நான்’ என்பது ஒரே ஒரு சொல்.

“எனக்கெப்பிடித் தெரியும்? அவர்தான் எங்கயாவது தட்டியிருப்பார்” என்றேன்.

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். கோபம் இல்லை அந்தப் பார்வையில். கோபப்பட்டிருந்தால் நான் கத்தியிருப்பேன், கத்தி ஆறியிருப்பேன். வித்தை தெரிந்த அண்ணை ஒன்றைச் சொன்னால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தானோ என்னவோ, தன் கையையே ஒரு தடவை பார்த்துக்கொண்டான்.

“ஓம். நான்தான்” என்றான் அவளிடம்.

அவள் அந்த இடத்திலேயே, அத்தனை பேர் முன்னால், அவன் கன்னத்தில் அறைந்தாள். வாங்கில் யாரோ சிரித்துவிட்டான். சிரிக்கப் பழக்கியவன் நான்தான்.

அவன் பொலித்தீனை எடுத்துப் போனைக் கவனமாகச் சுற்றினான். பிறகு என் பக்கம் திரும்பி, “கிளீன் பண்ணினதுக்கு எவ்வளவு அண்ணை?” என்று கேட்டான். நான் தொகையைச் சொன்னேன். அவன் தந்தான், நான் வாங்கி மேசை லாச்சியில் போட்டேன்.