பேரை எடுக்கப் போனவருக்குப் பொன்னாடை

கமலநாதனைக் கிள்ளான் ஊரில் பாதிப் பேருக்கு 'வயரிங் அண்ணே' என்றால்தான் தெரியும். கோலாலம்பூர் செந்தூலில் பிறந்து, மூன்றாம் பாரத்தோடு பள்ளிக்கு முழுக்குப் போட்டு, ஒரு சீனத் தவுக்கே முதலாளியிடம் ஏணி பிடித்துத் தொழில் கற்றவர். ஐம்பத்தாறு வயதாகியும் சோதித்துப் பார்க்காத வீட்டுக்கு அவர் கையெழுத்துப் போட்டதில்லை. வாய் மட்டும் மோசம். சங்கத்துக்காரர்கள் அவரை விருந்துக்குக் கூப்பிட்டால் கடைசி மேசையில்தான் உட்கார வைப்பார்கள்.

சங்கம் என்றால் மின்கம்பியாளர் சங்கம். ஆபீஸ் பிரிக்ஃபீல்ட்ஸில், ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடி. வருசத்துக்கு ஒரு விருந்து, உறுப்பினர் பேர் போட்ட ஒரு விவரப் புத்தகம், இணையத்தில் அதே விவரம். சங்கம் செய்த தொண்டு அவ்வளவுதான். அந்தப் பெயர்ப்பட்டியலில் கிள்ளான் பக்கத்தில் இரண்டே பேர். ஒருவர் கமலநாதன், இன்னொருவன் குரு. குரு சங்கத்தின் துணைத்தலைவர் வேறு.

வினை அங்கேதான் வந்தது. இராஜம்மா புதிதாகச் சாப்பாட்டுக் கடை போட்டாள். குரு வயரிங் போட்டு, சோதனைச் சான்றில் கையெழுத்தும் போட்டான். முதல் வாரமே ஃபிரிட்ஜைத் தொட்டவளுக்கு ஷாக் அடித்தது. அவள் கூப்பிட, கமலநாதன் போய் மின்பெட்டியைத் திறந்தார். எர்த் கம்பி எதிலும் சேராமல் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

"உங்க சங்கத்து ஆளுதானே அங்கிள்? புத்தகத்துல ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல இருக்கீங்க. ஒரே கூட்டம்னுதான் நெனச்சேன்" என்றாள் இராஜம்மா.

அந்த வார்த்தை அவரைச் சுட்டது. சங்கத்துக்குப் புகார் எழுதினார். 'கவனத்தில் கொள்ளப்பட்டது' என்று பதில் வந்தது. இனி அவன் பக்கத்தில் தன் பேர் ஒரு நாளும் இருக்கக்கூடாது என்று முடிவு கட்டினார்.

விலகல் கடிதத்தை எழுதிக்கொண்டு பிரிக்ஃபீல்ட்ஸ் மாடி ஏறினார். செயலாளர் வேலாயுதம் கடிதத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"என்ன அண்ணே, விருந்துல மேடைக்குக் கூப்பிடலன்னு கோவமா? சொன்னா செஞ்சிருப்போம்லா!"

"நான் பொண்ணு வீட்டு மாமனா, கோவிச்சிக்க? பேரை எடுங்க."

"பேரை எடுத்துட்டா வேலை எப்படி வரும்? லைசென்ஸ் என்னாகும்?"

"லைசென்ஸ் கவர்மெண்டு எனர்ஜி கமிஷன் குடுத்தது. நீங்க குடுத்தது விருந்துல ஆறிப்போன பிரியாணி."

சங்கத்தின் சட்டவிதிப்படி விலகுகிறவர் செயலாளருக்கு இரண்டு வாரம் முன்னதாக எழுத வேண்டும், பாக்கிச் சந்தாவையும் கட்ட வேண்டும். கமலநாதன் இந்த வருசச் சந்தாவைக் கட்டினார். கிளார்க் ரோகிணி ரசீது போட்டு, கடிதத்தின் நகலில் 'பெற்றுக்கொண்டோம்' என்று முத்திரை குத்தித் தந்தாள்.

"அச்சடிச்ச புத்தகம் அடுத்த பதிப்புலதான் மாறும் அங்கிள். இணையத்துல ரெண்டு வாரம் முடிஞ்சதும் எடுத்துடுறேன்" என்றாள்.

அவர் ரசீதை மடித்துப் பையில் வைப்பதற்குள் முதுகில் ஏதோ விழுந்தது. பொன்னாடை! வேலாயுதம் அலமாரியைத் திறந்து எடுத்த ஒன்று. அந்த அலமாரியில் வேறென்ன இருக்கிறது? பக்கத்தில் வந்து நின்று பல்லைக் காட்டினார். பியூன் கைப்பேசியில் 'கிளிக்' என்றான்.

"மூத்த உறுப்பினருக்கு மரியாதைண்ணே!"

கமலநாதன் அதை உருவி மேசைமேல் போட்டார். வேலாயுதம் அதை மடித்து அவர் கருவிப் பையிலேயே திணித்து அனுப்பினார்.

இரண்டு வாரம் போனது. கைப்பேசியில் தேடினார். கிள்ளான் பக்கத்தில் அவர் பேர் இல்லை. நெஞ்சு லேசானது. விரலைக் கீழே தள்ளினார். 'மதிப்புறு உறுப்பினர்கள்' என்று புதுத் தலைப்பு. பொன்னாடையோடு முறைத்துக்கொண்டிருந்தார் கமலநாதன். பக்கத்தில் இன்னொரு பொன்னாடை, இன்னொரு மதிப்புறு உறுப்பினர்: குரு.

மறுநாளே மாடி ஏறினார். முத்திரை குத்திய நகலை மேசையில் அறைந்தார்.

"நான் வெலகிட்டேன். உறுப்பினரே இல்லாதவன் என்னய்யா மதிப்புறு உறுப்பினர்?"

"செயற்குழு ஏகமனதா..." என்று ஆரம்பித்தார் வேலாயுதம்.

"அது பொதுக்கூட்டம் குடுக்குற பட்டம் சார். கூட்டமே இன்னும் நடக்கல" என்றாள் ரோகிணி, கணினியை விட்டுக் கண்ணெடுக்காமல்.

வேலாயுதம் அவளை முறைத்தார். பிறகு சுவரில் தொங்கிய தன் படத்தைப் பார்த்தார், துணை தேடுகிற மாதிரி. "எடுத்துத் தொலை" என்றார். கமலநாதன் கண்முன்னாலேயே ரோகிணி படத்தையும் பேரையும் அழித்தாள்.

கீழே இறங்கியபோது இராஜம்மாவின் அழைப்பு.

"அங்கிள், தங்கச்சி வீட்டுக்கு ஆள் வேணும். இணையத்துல பார்த்தா உங்க பேரே இல்ல. குரு மட்டும்தான் இருக்கான்."

"அப்படித்தான் இருக்கணும். வீடு எங்க, சொல்லு."

வேனில் ஏணி கடகடவென்று ஆடியது. பையிலிருந்த பொன்னாடையை எடுத்து ஏணியை இறுக்கிக் கட்டினார். சங்கம் கொடுத்ததில் உருப்படியாக உதவியது அது ஒன்றுதான்.