பூஜ்யம் வராத கணக்கு

கண்ணாடிக்கடைக்காரருக்குக் கணக்கு என்றால் லென்ஸ் பவரோடு சரி. மற்றவர் பார்வையைத் திருத்தியே பாதி ஆயுளைக் கழித்த மனிதர். நிதானத்துக்குப் பேர்போனவர், மகள் விஷயத்தில் மட்டும் கால் தரையில் பாவாது.

மகளை வீட்டில் ‘மிளகு’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் பொடிசு, சுருக்கென்று பேசுவாள். எட்டாம் வகுப்பு முடிவதற்குள் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை ஒரு பயிற்சி விடாமல் போட்டு முடித்துவிட்டாள். கணக்கு டீச்சர் அவரைக் கூப்பிட்டு, “இனிமே பாடப்புத்தகம் இவளுக்குத் தீனி போடாது. ஒலிம்பியாட் போட்டிக் கணக்குப் புத்தகம் மாதிரி ஏதாவது வாங்கிக் குடுங்க” என்றார்.

அன்று சாயங்காலமே புத்தகக் கடைக்குப் போனவர், அலமாரியிலேயே தடிமனான ஒலிம்பியாட் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்தார். தேசிய அளவுத் தேர்வில் வந்த கணக்குகளின் தொகுப்பு அது. மகளுக்குப் பெரிதாகச் செய்துவிட்ட பூரிப்பு அவர் முகத்தில்.

மிளகு முதல் கணக்கோடு வெகுநேரம் மல்லுக்கட்டினாள். பென்சில் நகரவில்லை. கடைசியில் பின்பக்கம் புரட்டி விடையைப் பார்த்தாள். புரிந்தது. புரிந்ததுதான் அவளை இன்னும் நோகடித்தது. ‘இது எனக்கு ஏன் தோணல?’ அடுத்த கணக்கும் அப்படியே, அதற்கடுத்ததும் அப்படியே. ஒரு வாரத்தில் புத்தகம் கட்டிலுக்கடியில் போய்விட்டது.

“என்னம்மா, கணக்கு போடலையா?”

“எனக்குக் கணக்கு வராதுப்பா. இவ்ளோ நாள் வந்த மாதிரி இருந்துச்சு, அவ்ளோதான்.”

நன்றாக ஓடிக்கொண்டிருந்த பிள்ளையின் காலைத் தானே இடறிவிட்டது போல அவருக்கு இருந்தது.

மறுநாள் புத்தகத்தோடு அதே புத்தகக் கடைக்குப் போனார். தேர்வுப் புத்தகப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் பெண்மணி அவரிடமே கண்ணாடி வாங்கியவர். அட்டையைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

“இது ஏற்கெனவே பயிற்சியில இருக்கிறவங்களுக்கு சார். முதல் புக்கா இதையா குடுத்தீங்க?”

“பொண்ணுக்குத்தான், பெருசா இருந்தா நல்லா இருக்கும்னு நினைச்சேன் மேடம்.”

“உங்ககிட்ட புதுசா கண்ணாடி போட வர்றவங்களுக்கு எடுத்த எடுப்பில இருக்கறதுலயே பெரிய பவரா குடுப்பீங்க?”

அவர் தலையைச் சொறிந்தார்.

அந்தப் பெண்மணி ஒல்லியான புத்தகம் ஒன்றை எடுத்து வைத்தார். வகுபடும் தன்மை, எண்ணும் முறை, ஒற்றை இரட்டை என்று அத்தியாயம் அத்தியாயமாகப் போகிறது. ஒவ்வொன்றிலும் கணக்குகள் எளிதில் தொடங்கிக் கடினமாகின்றன. குறிப்பு ஓரிடத்தில், முழு விடை வேறிடத்தில்.

“ஸ்கூல்ல வழியைச் சொல்லிக் குடுத்துட்டுக் கணக்கு குடுப்பாங்க. இதுல வழியைத்தான் தேடணும். ஒரு கணக்கு ஒரு வாரம் ஆனாலும் தப்பில்ல. முதல்ல இதை அவகிட்ட சொல்லுங்க.”

அவர் சொன்னார். மிளகு கேட்டுக்கொண்டாள், ஆனால் புத்தகத்தைத் தொடவில்லை. வற்புறுத்த அவருக்கு மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை அவரே சாப்பாட்டு மேசையில் அதை விரித்து உட்கார்ந்துவிட்டார்.

ஒன்று முதல் பத்து வரை எண்கள். ஏதாவது இரண்டை அழித்துவிட்டு, பெரியதிலிருந்து சிறியதைக் கழித்து வருவதை எழுத வேண்டும். இப்படியே போனால் கடைசியில் ஒரே எண் மிஞ்சும். அது பூஜ்யமாக இருக்க முடியுமா?

துண்டுக் காகிதங்களில் எண்களை எழுதிப் பரப்பினார். முதல் தடவை ஒன்று மிஞ்சியது. அடுத்த தடவை மூன்று. பிறகு மறுபடி ஒன்று.

“நான்தான் எங்கயோ தப்பா கழிக்கிறேன்” என்று முணுமுணுத்தார்.

மிளகு தண்ணீர் குடிக்க வந்தவள் நின்றுவிட்டாள். “தள்ளுப்பா.” அவளும் ஆடினாள். ஐந்து வந்தது. மறுபடி மூன்று.

“பூஜ்யம் வரவே வராதுப்பா. எல்லாம் ஒத்தைப்படையாவே வருது.”

“ஏம்மா?”

“தெரியலையே.” அப்படிச் சொன்னபோது அவள் முகத்தில் தோற்றுப்போன சாயல் இல்லை.

இரண்டு நாள் கழித்து, பல் தேய்த்துக்கொண்டிருந்தவள் வாய் நிறைய நுரையோடு ஓடி வந்தாள்.

“அப்பா! மொத்தக் கூட்டுத்தொகை அம்பத்தஞ்சு, ஒத்தைப்படை. ரெண்டு எண்ணைக் கூட்டினா ஒத்தைன்னா கழிச்சாலும் ஒத்தை. கூட்டினா ரெட்டைன்னா கழிச்சாலும் ரெட்டை. அதனால மொத்தம் எப்பவும் ஒத்தையாவேதான் இருக்கும். பூஜ்யம் ரெட்டை. எப்படி வரும்?”

சட்டையெல்லாம் நுரை. அவருக்குப் பாதி புரிந்தது. மீதிக்காக இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். அவள் இன்னும் உற்சாகமாகச் சொன்னாள்.

அடுத்த ஆண்டு ஒலிம்பியாட் தேர்வு எழுதினாள். ஆறு கணக்கில் இரண்டு போட்டாள். அடுத்த சுற்றுக்குத் தேர்வாகவில்லை. தேர்வு நடந்த அன்று மையத்தின் வாசலில், சரியாக எழுதாவிட்டால் என்ன ஆறுதல் சொல்வது என்று யோசித்தபடிதான் அவர் நின்றிருந்தார். எழுதி முடித்து வந்தவளோ வினாத்தாளை அவர் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

“இந்த மூணாவது கணக்கைப் பாருப்பா. என்ன அழகா இருக்கு! இன்னும் வரல. ஆனா விடமாட்டேன்.”

பேருந்து முழுக்க அவள் பேசிக்கொண்டே வந்தாள். அவர் ‘ம்’ கொட்டிக்கொண்டே, இறங்க வேண்டிய நிறுத்தத்தைக் கோட்டைவிட்டார்.